மாற்றிய விடைகள்

கறுப்பு மைப் பேனா மூன்று எடுத்து வைத்தாயிற்று. மூன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கிப் பார்த்தாயிற்று. ஹால் டிக்கெட், அதன் இன்னொரு பிரதி, ஆதார் அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. இருக்கின்றனவா என்று இப்போதுதான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கின்றன. வருகிற வழியில் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு ஒன்றும் இல்லை. காய்ச்சல் வரும் என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் தொட்டேன்.

நாளை காலை குரூப் ஃபோர் தேர்வு. செவிலிமேட்டில் ஒரு பள்ளிக்கூடம் மையமாக விழுந்திருக்கிறது. நேற்றே வண்டியில் போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்கு இது இரண்டாவது முறை. இதுவே கடைசி முறை என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அத்தை பாப்பாவை வைத்துக்கொண்டு எத்தனை மாதம்தான் ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றுவார்? பாப்பாவுக்கு நூல்கண்டைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது, அத்தைக்கு அவளை அதட்ட மனம் வராது. பாப்பாவின் அப்பாவோ காலையில் தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுகிறார். அதனால் இந்த முறை வராவிட்டால் புத்தகத்தை எடுத்துக் கட்டி வைத்துவிட்டு, பாப்பா பிறப்பதற்கு முன் வேலை பார்த்த பட்டுக்கடையின் பில் கவுண்ட்டருக்கே திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முகூர்த்த நாட்களில் அங்கே கடை மூட இரவு பத்து ஆகிவிடும். பாப்பா தூங்கும்போது போய், தூங்கும்போது வருவேன். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று தோன்றியது. சொன்னது சொன்னதுதான்.

தூக்கம் வராததால் எழுதுகிறேன். புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று நாத்தனார் கட்டளை. டைரியை எடுக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

இந்த முறை நான் படித்ததெல்லாம் பழைய வினாத்தாள்களிலிருந்துதான். போன முறை ஆறாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தில் தொடங்கி, எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் தேர்வு வந்துவிட்டது. இந்த முறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் முந்தைய ஆண்டுத் தாள்களை எல்லாம் வரிசையாக அடுக்கி, சுருள் கம்பி போட்டு, கடைசியில் விடைக்குறிப்பும் சேர்த்து ஒரு கட்டாகத் தந்தார்கள். அதை வாங்கி வந்த நாளில் எனக்கு ஏதோ பாதி தேறிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி இருந்தது.

ஒவ்வொரு தாளிலும் இருநூறு கேள்விகள். பாதி தமிழ், மீதி பொது அறிவும் கணக்கும். பாப்பா மதியம் தூங்கும் நேரத்தில் ஒரு தாளில் பாதி போடுவேன், மறுநாள் மீதி. முதல் சுற்றில் நூற்றிருபதைத் தாண்டவில்லை. இரண்டாம் சுற்றில் நூற்றைம்பது. மூன்றாம் சுற்றில் நூற்றெண்பதைத் தாண்டியதும் அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை ராட்டையை நிறுத்தாமல், "அப்ப வேல வந்துடும்னு சொல்லு" என்றார். "வந்துடும் அத்தை" என்றேன். அதை இன்று நினைத்தால் காது சூடாகிறது.

கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் நாத்தனார் ஒருநாள் விடுமுறையில் வீட்டில் இருந்தாள். நான் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நேரம் வீணாகிறதே என்று, வினாத்தாள் கட்டை அவள் கையில் கொடுத்துக் கேள்வி வாசிக்கச் சொன்னேன். அவள் நிலைப்படியில் உட்கார்ந்து ஒரு கேள்வியை வாசித்தாள். நான் "சி" என்றேன். அடுத்ததை வாசித்தாள். "ஏ" என்றேன். அதற்கடுத்தது பாதி வரிதான் போயிருக்கும். "டி" என்றேன்.

அவள் கட்டைக் கீழே வைத்தாள். "அண்ணி, நான் இன்னும் ஆப்ஷனே படிக்கலயே."

"தெரியும்மா. டி தான். பார்த்துக்கோ."

"டி தான். ஒத்துக்கிறேன். டின்னா இன்னா?"

மண்ணில் எந்தச் சத்து இருந்தால் செடிக்கு என்ன ஆகும் என்பது போல ஒரு கேள்வி அது. விடை பக்கத்தின் கீழே, வலது ஓரத்தில், மடிப்புக்குப் பக்கத்தில் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. அங்கே என்ன எழுதியிருந்தது என்பது தெரியவில்லை.

அவளுக்கு விளையாட்டு சூடு பிடித்துவிட்டது. எழுத்தைச் சொல்லாமல், விடைகளைக் கீழிருந்து மேலாகவும் நடுவிலிருந்தும் கலைத்து வாசித்தாள். நான் தடுமாறினேன். பக்கத்து அறையில் தறிச் சத்தம் நின்றது. "இன்னா அங்க ஒரே சிரிப்பா இருக்குது?" என்று அவர் குரல் வந்தது.

"அண்ணா, அண்ணி மூணு மாசமா ஏ பி சி டி படிச்சிக்கினு இருந்துருக்காங்க!"

"எல்கேஜியா?" என்றார் அவர். அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பாப்பா வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று இரவு அதே தாளை அவள் கலைத்து வாசிக்க நான் வாயால் விடை சொன்னேன். நூற்றெண்பது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நூற்று முப்பத்து சொச்சம் வந்தது. மூன்று மாதத்தில் நான் உண்மையில் கற்றது முதல் சுற்றுக்கு மேலே வந்த அந்தப் பத்துப் பதினைந்துதான். தேர்வறையில் இதே கேள்வி வந்தாலும் இதே இடத்தில் விடை இருக்காது.

அதற்குப் பிறகுதான் பழைய தாளை எப்படிப் படிப்பது என்று தெரிய ஆரம்பித்தது. சரியான விடையை விட்டுவிட்டுத் தவறான மூன்றைப் பார்க்க ஆரம்பித்தேன். இங்கே நடந்து போகும் தூரத்தில் இருக்கிற கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் யார் என்று ஒரு கேள்வி. நான்கு பல்லவர்களின் பெயர் கொடுத்திருந்தார்கள். முன்பு சரியான பெயருக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவேன். இப்போது மீதி மூன்று பேரும் எதற்காக இங்கே வந்து நிற்கிறார்கள் என்று பாடப்புத்தகத்தைத் தேடினேன். ஒருவன் வாதாபியை வென்றவன். ஒருவன் செங்கல்லும் மரமும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தவன். இன்னொருவன் எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலைக் கட்டியவன். இரண்டு தாள் தள்ளிப் பார்த்தால், இங்கே தவறான விடையாக நின்றவன் அங்கே சரியான விடையாக நிற்கிறான். ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருந்திருக்கின்றன. ஒரு தாளை முடிக்க ஒரு வாரம் ஆனது. இப்படிப் போனால் முடியுமா என்று பயமாகவும் இருந்தது. முடிக்கவும் இல்லை. கடைசி இரண்டு தாளை அரைகுறையாகத்தான் பார்த்தேன்.

பழைய தாள் பொய் சொல்லும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பொய் என்று சொல்லக் கூடாது, அன்றைக்கு அது உண்மை. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடைக்குறிப்பில் காஞ்சிபுரம் என்றிருந்தது. நானும் பெருமையாகவே காஞ்சிபுரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நம் மாவட்டம் ஆயிற்றே. அவர்தான் தறி நாடாவில் ஊடை நூலை மாற்றிக்கொண்டே, "அது செங்கல்பட்டோட போயி எவ்ளோ வருஷம் ஆச்சு? உங்க பெரியம்மா வீட்டுக்குப் போறப்ப போர்டு பாத்ததில்லயா?" என்றார்.

மாவட்டத்தைப் பிரித்தபோது நாங்கள் இங்கேதான் இருந்தோம். என் பெரியம்மா வீடு அந்தப் பக்கம்தான். தாலுகா அலுவலகம் யாருக்கு எது என்று வீட்டில் பேசிக்கொண்டதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனாலும் தாளில் இருந்ததால் அதை நம்பினேன். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அச்சடித்ததை நம்பினேன். அன்று மாலையே எல்லாத் தாளையும் எடுத்து மாவட்டம், அமைச்சர், விருது, எண்ணிக்கை என்று எங்கெல்லாம் காலத்தோடு மாறுவது இருக்கிறதோ அதையெல்லாம் பென்சிலால் அடித்தேன். நாத்தனார் எட்டிப் பார்த்து, "பாதி போச்சு அண்ணி, இப்ப பாரம் கம்மி" என்றாள்.

கணக்கில் மட்டும் பழைய தாள் என்னைக் கைவிடவில்லை. அங்கே எண்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. தனிவட்டி, விகிதம், மீப்பெரு பொது வகுத்தி, ஆட்களும் நாட்களும். இத்தனை பேர் இத்தனை நாளில் முடிக்கும் வேலையை இன்னும் இத்தனை பேர் சேர்ந்தால் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பதை அவரிடம் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டு பேரு பதினஞ்சு நாள்ல ஒரு சேலய முடிச்சா, முப்பது பேரு ஒரு நாள்ல முடிப்பாங்களா?"

"கணக்குப்படி ஆமாங்க."

"முப்பது பேரு குழில எங்கமே உக்காருவாங்க? ஒருத்தன் மடில ஒருத்தனா?"

"அதெல்லாம் கேள்வியில இல்ல."

"கேள்விய எழுதுனவரக் கூட்டிக்கினு வா. ஒரு நாள் நாடா தள்ளட்டும்."

அத்தை கூட ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்த வகைக் கணக்கு அதன் பிறகு எனக்குத் தப்பியதே இல்லை. வாசிக்கும்போதே மடியில் மடியாக முப்பது பேர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய தொல்லை வேறு. நான் சரியாக எழுதிவிட்டு மாற்றுகிறவள். சாம்பாருக்கு உப்புப் போட்டுவிட்டு, போட்டோமா என்று இன்னொரு முறை போடுகிறவள். பென்சிலில் போடும்போது இது தெரியவில்லை. அழித்துவிட்டால் முதல் விடை மறைந்துவிடுகிறது. பேனாவால் போட ஆரம்பித்த பிறகு மறைக்க முடியவில்லை. தேர்வில் கறுப்பு மையால் வட்டத்தை நிரப்ப வேண்டும், நிரப்பினால் நிரப்பியதுதான், ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் கறுத்தால் அந்தக் கேள்வி போயிற்று. அதனால் முதலில் வினாத்தாளிலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டு, பிறகு விடைத்தாளில் நிரப்பப் பழகினேன். அந்தக் கோட்டுக்கும் வட்டத்துக்கும் நடுவில்தான் என் மனம் மாறும்.

மாற்றிய இடங்களைத் தனியாகப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பல இடங்களில், தொடர்ந்து மூன்று 'பி' வந்துவிட்டதே, நாலாவதும் 'பி'யாக இருக்குமா என்று பயந்து மாற்றியிருக்கிறேன். உண்மையான விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தால் நாலு என்ன, ஐந்து கூட ஒரே எழுத்து வரிசையாக வந்திருக்கிறது. சில இடங்களில், விடை இவ்வளவு சுலபமாக இருக்காதே என்று மாற்றியிருக்கிறேன். குரூப் ஃபோருக்கு வரும் கேள்வி சுலபமாகவும் இருக்கும் என்பதை நான் நம்பவில்லை.

முதல் விடையை மாற்றவே கூடாது என்று முடிவு செய்தால் நிம்மதி. ஆனால் மாற்றி நல்லதாகப் போன இடங்களும் இருந்தன. அதுதான் என்னைப் படுத்துகிறது. நாத்தனார்தான் ஒரு மாலை முழுவதும் என்னோடு உட்கார்ந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தாள். மாற்றிச் சரியானதெல்லாம் ஏதோ ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு கண்டுபிடித்த இடங்கள். 'பொருந்தாதது எது' என்பதைப் பொருந்துவது என்று வாசித்திருப்பேன். 'கூற்று சரி, காரணம் தவறு' என்பதில் காரணத்தைப் படிக்காமல் விட்டிருப்பேன்.

"அப்ப சிம்பிள், அண்ணி. மாத்தணும்னு தோணுச்சுன்னா கேள்வில ஒரு வார்த்த மேல வெரல வையி. வெரல வெக்க வார்த்த இருந்தா மாத்து. இல்லன்னா அது பயம்."

"பயத்துக்கும் ஒரு வார்த்தை கிடைச்சுட்டா?"

"உன்ன வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது" என்று எழுந்து போய்விட்டாள்.

கட்டு வீட்டுக்கு வந்த அன்றே அவள்தான் அதன் சுருள் கம்பியிலிருந்து ஒரு தாளைப் பிடுங்கித் தன் கல்லூரிப் பையில் ஒளித்து வைத்திருந்தாள். அதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தேர்வுக்கு முந்தின நாள் அதை எழுத வேண்டும் என்றாள். எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரமாகக் குழம்பினேன். குறைவாக வந்தால் நாளை உடைந்து போய்த்தான் உட்காருவேன். எழுதாமல் போனால் எங்கே நிற்கிறேன் என்றே தெரியாமல் போவேன். கடைசியில் இன்று காலை ஒன்பதரைக்கு, நாளைக்கு எப்படியோ அப்படியே, மாதிரி விடைத்தாளும் பேனாவுமாக மாடியில் உட்கார்ந்தேன். அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விட்டார். அவர் கூடத் தறியில் இறங்கவில்லை. "தறி சத்தம் போடும், நீ எழுது" என்றார். "பள்ளிக்கூடத்துலயும் பக்கத்துல கல்யாண மண்டபம் இருந்தா என்ன பண்றது? நீங்க தறி போடுங்க" என்றேன். பிறகுதான் சத்தம் வந்தது, எனக்கும் பழக்கமான இடம் போல ஆனது.

நேரம் போதவில்லை என்று சொல்ல முடியாது. பன்னிரண்டரைக்கு முடித்தேன். அதன் பிறகுதான் எண்ணும் வேலை. ஏ எத்தனை, பி எத்தனை, சி எத்தனை, டி எத்தனை என்று விடைத்தாளில் தனித்தனியாக எண்ணி எழுத வேண்டும். விடை தெரியவில்லை என்பதற்கு ஐந்தாவதாக ஈ என்றொரு வட்டம் உண்டு, அதையும் எண்ண வேண்டும். எதையும் நிரப்பாமல் வெறுமனே விடக் கூடாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை என்பதால் நான் ஈயைத் தொடுவதே இல்லை, தெரியாததற்கும் ஏதோ ஒன்றை நிரப்பிவிடுவேன். எண்ணிக் கூட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது வந்தது.

இன்னொரு முறை எண்ணினேன். அதேதான். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை அதில் நிரப்பியிருந்தால் அங்கிருந்து கடைசிவரை எல்லாமே ஒரு படி தள்ளிப் போயிருக்கும். வரிசையாக விரலை வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு கணக்கு. பிறகு போடலாம் என்று விட்டு வைத்த இடம், அப்படியே வெறுமையாக இருந்தது. மற்றவை எல்லாம் தத்தம் இடத்தில்தான் இருந்தன. அந்த ஒன்றை நிரப்பினேன். அவசரத்தில் வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் மை போனது. நாளைக்கு எதையும் பிறகு என்று விட்டு வைக்கப் போவதில்லை. விட்டு வைத்தால் வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அதன் எண்ணை எழுதி வைப்பேன்.

நாத்தனார் திருத்தினாள். நூற்று அறுபத்தொன்று. விடை இருந்த இடமாக எனக்கு நினைவிருந்தது எதுவும் அந்தத் தாளில் கிடையாது, ஆகவே இது முழுக்க என்னுடையது. இது போதுமா? ஒவ்வொரு முறையும் எத்தனை பேர் எழுதுகிறார்கள், எத்தனை இடம் என்பதைப் பொறுத்தது. போதும் என்றும் சொல்ல முடியாது, போதாது என்றும் சொல்ல முடியாது. அவள் வேறொன்றையும் பார்த்தாள். பத்து விடையை மாற்றியிருக்கிறேன். விரலை வைக்கச் சொல் இருந்தவை மூன்று, மூன்றும் சரி. மீதி ஏழில் ஆறு முதலில் சரியாக இருந்தவை.

"ஆறு அண்ணி. சும்மா இருந்திருந்தா ஆறு."

அந்த ஆறுதான் இப்போது இங்கே என்னோடு உட்கார்ந்திருக்கிறது. நூற்று அறுபத்தேழாக ஆகியிருக்கும். அப்போதும் போதுமா என்று தெரியாது, ஆனால் தூக்கம் வந்திருக்கும். நாளைக்கும் ஆறு போகுமோ? பாப்பாவோடு காலையில் உட்கார்ந்து சாப்பிடும் வாழ்க்கைக்கும் பில் கவுண்ட்டருக்கும் நடுவில் இந்த ஆறுதான் நிற்கிறதோ? இத்தனை மாதம் பாடத்தில் என்ன குறை என்று தேடினேன். குறை பாடத்தில் அவ்வளவாக இல்லை.

நடுவில் எழுந்து போய்க் கட்டை எடுத்துவிட்டேன். எழுதாமல் மறைக்க வேண்டாம். ஏதோ ஒரு பக்கம் திறந்தது, ஒரு கேள்வி, விடை தெரிந்தது. தெரிந்த பிறகும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விடைக்குறிப்பைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் நிம்மதி வரவில்லை. அடுத்த கேள்வியையும் பார்க்கத் தோன்றியது. மூடிவிட்டேன்.

பாப்பா புரண்டு என் பக்கம் காலைப் போட்டாள். அவரும் விழித்துக்கொண்டார்.

"இன்னும் தூங்கலியா?"

"ஏங்க, ஏழரைக்குக் கிளம்பலாம்னு சொன்னோம் இல்ல? ஏழு மணிக்கே போயிடலாமா?"

"எட்டரைக்குத்தான உள்ள போகணும்? வண்டில போனா பத்து நிமிஷம். ஏழரையே சீக்கிரம்மே."

"இல்ல, வழியில ஏதாச்சும்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "வழில இன்னா இருக்குது? ரோடு போடறாங்களா? தேர் வருதா? ஒண்ணு சொல்லு, ஏழுக்கே போலாம்."

யோசித்தேன். நேற்றுதான் அந்த வழியே போய் வந்தோம். சாலை நன்றாக இருந்தது. தேரும் இல்லை, திருவிழாவும் இல்லை. விரலை வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப ஏழரை."

"ஏழரை" என்றேன். விளக்கை அணைக்கப் போகிறேன்.